வயதைக் கழித்தார், பி.எஃப்.-ஐ மறந்தார்

போன மாதம் 46 வயதுக்காரர் ஒருவர் தன் சேமிப்பு விவரங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். கோவையில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை. "சார், நூறில் என் வயதைக் கழித்தால் 54. பங்கில் 9 லட்சம், பேங்க் டெபாசிட்டில் 8 லட்சம் வைத்திருக்கிறேன். மொத்தம் 17-இல் 9 என்றால் 53 சதவீதம். சரியாகத்தானே இருக்கிறேன்?" என்று கேட்டார்.

நூறில் வயதைக் கழித்து, வரும் எண்ணைச் சதவீதமாக எடுத்துக்கொண்டு, சேமிப்பில் அந்த அளவைப் பங்குகளிலும் மீதியைப் பத்திரமான டெபாசிட்டுகளிலும் வைக்கச் சொல்லும் விதி இது. 25 வயதில் 75, 40-இல் 60, 60-இல் 40. கழித்தல் தெரிந்த எவரும் போட்டுவிடலாம். ஆலோசனைக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் கழித்தலைச் சரியாகத்தான் போடுகிறார்கள். எந்தத் தொகைக்கு அந்தச் சதவீதம் என்பதில்தான் தவறுகிறார்கள்.

அவர் தாளைத் திருப்பிவைத்து, "பி.எஃப். எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டேன். செல்போனில் பார்த்து 17 லட்சம் என்றார். தபால் நிலையத்தில் பி.பி.எஃப். கணக்கில் 6 லட்சம். இரண்டும் தாளில் இல்லை. "அது சம்பளத்தில் பிடிக்கிறது சார், நான் போட்டதாகத் தோன்றவே இல்லை" என்றார். வட்டி வரும், அசல் குறையாது, ஏறி இறங்காது என்ற மூன்றும் பொருந்தினால் அது டெபாசிட் பக்கம்தான். அதைச் சம்பளத்தில் பிடித்தார்களா, நாமே கட்டினோமா என்பது இங்கே கணக்கில் வராது. முதிர்வில் பணம் தரும் எல்.ஐ.சி. எண்டோமென்ட் பாலிசி இருந்தால், அதை இன்று முறித்தால் கைக்கு வரும் சரண்டர் மதிப்பும் இதே பக்கம்.

அப்புறம், கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டியவை. ஆறு மாத வீட்டுச் செலவு அவருக்கு ஏறக்குறைய 4 லட்சம். வேலை போனாலோ மருத்துவமனைக்குப் போனாலோ கைக்கு வர வேண்டிய பணம் அது, எந்தப் பக்கத்திலும் சேராது. மகள் இரண்டு வருடத்தில் கல்லூரியில் சேர்கிறாள், அதற்கு 4 லட்சம். ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணத்துக்கு இந்த விதி பொருந்தாது. விதி வயதைத்தான் கேட்கிறது, பணம் எப்போது வேண்டும் என்று கேட்பதில்லை. அதனால் அதை நாம்தான் முதலில் பிரித்துவைக்க வேண்டும். பேங்கில் இருந்த 8 லட்சமும் இந்த இரண்டுக்கே போய்விட்டது. குடியிருக்கும் வீட்டையும் மனைவியின் நகையையும் நான் சேர்ப்பதில்லை. அவற்றை விற்று ஓய்வுக்காலத்தை ஓட்டுவோம் என்று யாரும் நினைப்பதில்லை.

ஆக, பங்கு 9 லட்சம், பி.எஃப். 17, பி.பி.எஃப். 6, மொத்தம் 32 லட்சம். பங்கு 28 சதவீதம். 53 என்று நினைத்துக்கொண்டிருந்தவர் உண்மையில் அதில் பாதியில் நிற்கிறார்.

இப்படித்தான் மாதச் சம்பளக்காரர்களில் பலர் தங்களுக்குத் தெரியாமலே டெபாசிட் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். டெபாசிட் என்றாலே பத்திரம் என்று விட்டுவிட முடியாது. பேங்க் டெபாசிட்டில் 7 சதவீத வட்டி வந்தாலும், 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்குக் கையில் நிற்பது 4.9 சதவீதம்தான். பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் அதைவிட வேகமாக ஏறினால், அசல் குறையாமலே பணம் தேய்கிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. ஏதாவது ஒரு பைனான்ஸில் 12 சதவீத வட்டிக்குப் போட்ட பணத்தை டெபாசிட் பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள். அதை நான் அந்தப் பக்கத்தில் எழுத விடுவதில்லை. பேங்கில் போட்ட பணத்துக்கே, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு இருக்கிறது. பைனான்ஸில் போட்டதற்கு அதுவும் இல்லை.

சரி, 54-க்கு அவர் போக வேண்டுமா? அதற்கு முன் விதி ஏன் அப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 25 வயதுக்காரருக்கு இன்னும் முப்பது முப்பத்தைந்து வருடச் சம்பளம் வர இருக்கிறது. பெரும்பாலும் தவறாமல் மாதாமாதம் வரும் அந்தச் சம்பளம், வட்டி தரும் ஒரு பெரிய டெபாசிட் மாதிரி அவர் பின்னால் நிற்கிறது. பங்கு பாதியாகக் குறைந்தாலும் வரும் சம்பளத்தில் மலிவாக வாங்கிச் சேர்க்கலாம். வயது ஏற ஏற அந்த டெபாசிட் கரைகிறது, ஓய்வு நாளில் தீர்ந்துவிடுகிறது. கரைவதற்கு ஈடாகச் சேமிப்பில் நிஜ டெபாசிட்டைக் கூட்டிக்கொண்டே போவதுதான் இந்தக் கழித்தல். ஆயுள் முழுக்க அரசு ஓய்வூதியம் வரப்போகிறவருக்கு அந்த டெபாசிட் கரைவதே இல்லை, அவர் விதி சொல்வதைவிடப் பங்கில் கூடுதலாக வைக்கலாம். கமிஷன் வருமானத்தில் வாழ்பவர், சீசனுக்கு மட்டும் சம்பாதிப்பவர் குறைத்துக்கொள்ள வேண்டும். சந்தை விழும்போது பெரும்பாலும் அவர்கள் வருமானமும் சேர்ந்தே விழுகிறது.

விழுந்தால் எவ்வளவு விழும்? 2008 ஜனவரியில் மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 20,800-ஐத் தாண்டி முடிந்தது. 2009 மார்ச்சில் 8,160. நூறு ரூபாய் நாற்பதுக்கும் கீழே போனது. 2010 நவம்பரில் பழைய உச்சத்தைத் தொட்டு, அங்கே நிற்காமல் மறுபடி இறங்கி, 2013 கடைசியில்தான் மீண்டும் அந்த உயரத்துக்கு வந்தது. அந்த 2008 ஜனவரியில் 58 வயதில் ஓய்வு பெற்ற ஒருவர் விதிப்படி 42 சதவீதம் பங்கில் வைத்திருந்தால், மொத்தச் சேமிப்பில் கால்வாசி காணாமல் போயிருக்கும். மீதியிருந்த டெபாசிட்டை வைத்து அந்த ஐந்தாறு வருடத்தை, பங்கை விற்காமல் கடந்திருக்கலாம். முழுவதையும் பங்கில் வைத்திருந்தால் வீட்டுச் செலவுக்கே 8,000 புள்ளியில் விற்க வேண்டி வந்திருக்கும். அப்படி விற்றவருக்குச் சந்தை திரும்ப ஏறியதில் பயனே இல்லை.

அதே அளவு விழுந்தால் உங்களுக்கு என்ன ஆகும் என்று தாளோடு வந்த நண்பருக்குப் போட்டுக் காட்டினேன். 54 சதவீதம் என்றால் 32 லட்சத்தில் 17 லட்சத்துக்குமேல் பங்கில் இருக்கும். அது 60 சதவீதம் விழுந்தால் 10 லட்சத்துக்குமேல் இழப்பு. "2020 மார்ச்சில் என்ன செய்தீர்கள்?" என்றேன். கொஞ்சம் தயங்கி, மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போட்டுவந்த எஸ்.ஐ.பி.-ஐ நிறுத்தியதாகவும் ஒரு ஃபண்டை விற்றதாகவும் சொன்னார். அந்த மார்ச் 23-ஆம் தேதி சென்செக்ஸ் 26,000-க்கும் கீழே முடிந்தது. வருடம் முடிவதற்குள் பழைய உயரத்தைத் தாண்டிவிட்டது.

இந்தப் பதிலைத்தான் நான் வயதைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். விதி தரும் எண்ணை மேல் வரம்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். விழுந்தபோது விற்ற அனுபவம் உள்ளவருக்கு அதிலிருந்து பத்து வாக்கில் குறைப்பேன். ஆகவே அவருக்கு இலக்கு 45 என்று முடிவு செய்தோம்.

28-இலிருந்து 45-க்கு ஒரே நாளில் போக வழியில்லை, போகவும் கூடாது. வேலையில் இருக்கும்போது பி.எஃப்.-ஐ உடைத்துப் பங்கில் போடுவதை நான் ஏற்பதில்லை. வரியில்லாத அந்த வட்டிக்கு இணையான டெபாசிட் வெளியில் கிடைக்காது. புதுப் பணத்தைத் திருப்பிவிடுவதுதான் வழி. அவர் மாதம் 25,000 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார், இதுவரை அதைப் பேங்க் ஆர்.டி.-யில் போட்டுவந்தார். இனி அது முழுவதும் எஸ்.ஐ.பி.-யாக, நிஃப்டி குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுக்கு. பி.பி.எஃப்.-இல் கணக்கு உயிரோடிருக்க வருடத்துக்கு 500 ரூபாய் மட்டும். இரண்டு வருடத்தில் அது முதிரும்போது 7 லட்சம் வாக்கில் வரும். அதில் 5 லட்சத்தை மாதம் 50,000 வீதம் பத்துத் தவணையாக ஃபண்டுக்கு மாற்றுவார், மீதி பேங்கில்.

பங்கு துளியும் ஏறாது என்று வைத்துப் பார்த்தேன். இதற்கிடையில் பி.எஃப். தன்பாட்டுக்குப் பிடித்தத்தோடும் வட்டியோடும் 27 லட்சத்தை நெருங்கிவிடும். அப்படியும் அவர் 49 வயதைத் தொடும்போது பங்குப் பக்கம் 23 லட்சம், மொத்தத்தில் ஏறக்குறைய 45 சதவீதம். சந்தை ஏறினால் முன்பே எட்டிவிடுவார், அன்றே எஸ்.ஐ.பி.-இல் பாதியை டெபாசிட் பக்கம் திருப்ப வேண்டும்.

அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஏப்ரல் மாதத்தை நான் சொல்வேன், பி.எஃப். வட்டி, வரிக் கணக்கு என்று தாள்கள் எப்படியும் கையில் இருக்கும் நேரம். இலக்கிலிருந்து ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் தொட வேண்டாம். தாண்டினால் முதலில் புதுப் பணத்தை வைத்துச் சரிசெய்வது, அது போதாவிட்டால் மட்டும் விற்பது. ஒரு வருடத்துக்குமேல் வைத்திருந்த பங்கை விற்றால் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் லாபம் வரை வரி இல்லை, அதற்குமேல் 12.5 சதவீதம். கொஞ்சத்தை மார்ச்சிலும் கொஞ்சத்தை ஏப்ரலிலும் விற்றால் இரண்டு வருட விலக்கும் கிடைக்கும்.

இந்த வருடாந்தரப் பார்வையை விட்டதால் வந்த நிலை ஒன்றையும் அவரிடம் சொன்னேன். 2020 ஏப்ரலில் 60 வயதான ஒரு தம்பதி விதிப்படி 20 லட்சம் பங்கிலும் 30 லட்சம் டெபாசிட்டிலும் வைத்திருந்தார்கள். நாலரை வருடம் கழித்து வந்தபோது பங்கு 52 லட்சம், டெபாசிட் 39 லட்சம். எதுவுமே செய்யாமல் 40 சதவீதம் 57 ஆகியிருந்தது. வயதுப்படி இருக்க வேண்டியதோ 36. ஏறிக்கொண்டிருக்கும்போது விற்க அவர்களுக்கு மனம் வரவில்லை, அது எனக்கும் புரிகிறது. 52 லட்சத்துக்கு 2008 போல ஒரு விழுகை வந்தால் மாதச் செலவுக்கு என்ன வழி என்று எழுதிக் காட்டிய பிறகுதான் விற்கத் தொடங்கினார்கள்.

நண்பருக்கு 58 வயதில் வரப்போகும் ஒரு நாளையும் இப்போதே குறித்துக் கொடுத்தேன். அதையொட்டி பி.எஃப். முழுவதும் சேமிப்புக் கணக்குக்கு வந்து விழும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 60 வயதில்தான் சேரலாம் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். 55 வயதுக்குமேல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அந்தப் பணத்தை அதில் போடலாம், ஒருவருக்கு 30 லட்சம் வரை. மூன்று மாதம் தாண்டினால் 60 வரை காத்திருக்க வேண்டும். அதற்கான வேலைச் சான்றிதழை ஓய்வு பெறும் நாளிலேயே நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும் என்று அவர் கொண்டுவந்த தாளின் அடியில் எழுதி, தேதியும் போட்டுக் கொடுத்தேன்.