வோல்பாக்கியா கொசு விட்ட தெருவில் புகை அடிக்காதீர்கள்

"மாசக்கணக்கா கொசு விடுறாங்க, கொசு குறையவே இல்லை, கூடித்தான் இருக்கு." இந்தப் புகார் வந்த அடுத்த வாரமே அந்தத் தெருவுக்குள் புகை வண்டி நுழைந்துவிடுகிறது. பல மாத உழைப்பு சில நாளில் வீணாகிறது. திரும்பத் திரும்ப இதே கதை நடப்பதால், கொஞ்சம் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். டெங்குவைத் தடுக்க, வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ள கொசுக்களை விட்டுச் செய்யும் வேலை ஒன்றல்ல, இரண்டு. ஒன்றில் ஆண் கொசுக்களை மட்டும் விடுவார்கள். அவை கடிக்காது. அவற்றோடு சேரும் பெண்ணின் முட்டை பொரிக்காது, கொசு குறையும். சிங்கப்பூரில் 2016 முதல் நடப்பது இதுதான். மற்றதில் ஆணையும் பெண்ணையும் சேர்த்தே விடுவார்கள். இங்கே கொசுவைக் குறைப்பது நோக்கமே இல்லை. ஊரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுக்களின் இடத்தில், வோல்பாக்கியா உள்ளதால் டெங்கு வைரஸைச் சரியாகக் கடத்த முடியாத ஏடிஸ் எஜிப்தி கொசுக்களைக் குடியேற்றுவதுதான் நோக்கம். கொசு இருக்கும், கடிக்கும், விடும் மாதங்களில் கொஞ்சம் கூடவும் செய்யும். கொசு குறையவில்லை என்பது இந்த முறையில் தோல்விக்கான அடையாளம் அல்ல.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கல் போலத் தேர்ந்த 12 பகுதிகளில் மட்டும் வோல்பாக்கியா கொசுக்களைக் குடியேற்றினார்கள். 2021இல் வெளியான முடிவுப்படி, அந்தப் பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைவு. டெங்குவுக்காக மருத்துவமனையில் சேர்வது 86 சதவீதம் குறைவு. அந்த ஆய்வில் எண்ணியது காய்ச்சலோடு வந்தவர்களில் டெங்கு உறுதியானவர்களை. கையில் அடிக்கும் கொசுவை எண்ணித் திட்டத்தை எடைபோடுபவர்கள் தயவுசெய்து இதை இன்னொரு முறை படியுங்கள்.

புகை ஏன் இதைக் கெடுக்கிறது என்று புரிய, இந்த பாக்டீரியா எப்படிப் பரவுகிறது என்று தெரிய வேண்டும். வோல்பாக்கியா பூச்சியின் செல்லுக்குள் வாழ்வது, தாயின் முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆண் அதற்கு முட்டுச்சந்து. அதனால் பெண் வழியைப் பெருக்க அது பல வேலைகள் செய்கிறது: சில வண்ணத்துப்பூச்சிகளில் ஆண் கருவைக் கொல்லும், சில குளவிகளில் ஆண் இல்லாமலே பெண் குஞ்சுகளைப் பிறக்க வைக்கும். கொசுவில் அது செய்வது வேறு. பாக்டீரியா உள்ள ஆணின் விந்து மாற்றப்பட்டே வெளியே வருகிறது. அந்த மாற்றத்தைச் சரிசெய்யும் பொருள், பாக்டீரியா உள்ள பெண்ணின் முட்டையில் மட்டும்தான் இருக்கிறது. பாக்டீரியா இல்லாத பெண் அந்த ஆணோடு சேர்ந்தால், கருவின் முதல் பிரிவிலேயே தந்தையின் குரோமோசோம் சிக்கிக்கொண்டு கரு செத்துவிடும். பார்வைக்கு முட்டை வழக்கம்போலக் கறுப்பாகத்தான் இருக்கும். தண்ணீரில் போட்டுவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பொரித்த முட்டையின் ஒரு முனை மூடி கழன்றதுபோல் திறந்திருக்கும். செத்தது மூடியபடியே கிடக்கும், அல்லது அமுங்கிப்போயிருக்கும்.

ஆக, பாக்டீரியா உள்ள பெண் யாரோடு சேர்ந்தாலும் முட்டை பொரிக்கும். பாக்டீரியா இல்லாத பெண்ணுக்கு, பாக்டீரியா இல்லாத ஆண் கிடைத்தால்தான் உண்டு. ஆனால் பாக்டீரியாவைச் சுமப்பதற்கு ஒரு விலையும் உண்டு. முட்டை எண்ணிக்கையோ ஆயுளோ கொஞ்சம் குறையும். அந்த இழப்பு 20 சதவீதம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்.

100 பெண் கொசுவில் 10 மட்டும் பாக்டீரியா உள்ளவை, ஆண்களிலும் அதே விகிதம். அந்த 10, இழப்பு போக 8 பங்கு வாரிசு தரும். மீதி 90இல் பத்தில் ஒன்று தவறான ஆணோடு சேரும். 81 பங்கு மிஞ்சும். அடுத்த தலைமுறையில் 89இல் 8, அதாவது 9 சதவீதம். குறைந்துவிட்டது. இப்போது 40இலிருந்து தொடங்குங்கள். 40இலிருந்து 32 பங்கு. மற்ற 60இல் நூற்றுக்கு 40 வீணாகி 36 பங்கு. 68இல் 32, அதாவது 47 சதவீதம். ஏறிவிட்டது. இந்தக் கணக்கில் 20 சதவீதம்தான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே இருந்தால் தானாக மறையும், மேலே போனால் தானாக ஏறும். வாரக்கணக்கில் விடுவதெல்லாம் இந்தக் கோட்டை நன்றாகத் தாண்டும் வரைதான். நிஜத்தில் பக்கத்துத் தெருக்களிலிருந்து சாதாரணக் கொசு வந்துகொண்டே இருப்பதால் கோடு இன்னும் உயரே இருக்கும்.

இப்போது புகை வண்டியைக் கொண்டு வாருங்கள். பல ஊர்களில் ஊர்க் கொசு பல வருடம் பைரெத்ராய்டு என்ற கொசு மருந்தைச் சுவாசித்துப் பழகியது, அதில் பல மருந்துக்கு அசையாது. விடும் கொசுவை அதே எதிர்ப்புத் திறனோடு வளர்த்திருக்கவில்லை என்றால் அது உடனே விழும். 40 சதவீதம் எட்டிய தெருவில் புகை அடித்து, விட்ட கொசுவில் 90 சதவீதமும் ஊர்க் கொசுவில் 20 சதவீதமும் செத்ததாக வையுங்கள். 40இல் 4 மிஞ்சும், 60இல் 48 மிஞ்சும். 52இல் 4, எட்டு சதவீதத்துக்கும் கீழே. தண்ணீரில் உள்ள புழுவையும் முட்டையையும் புகை தொடாது, அதனால் ஒரே ஒரு முறை அடித்தால் மீள வழி உண்டு. வாரம் தவறாமல் அடித்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். ஊர்க் கொசுவோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். வீட்டுக்குள் திரைச்சீலைக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் உட்காரும் ஏடிஸ் மீது தெருப் புகை எவ்வளவு படுகிறது என்பது வேறு கேள்வி.

வளர்ப்பு இனத்துக்கும் ஊர்க் கொசுவுக்கும் இந்தப் பொருத்தம் இல்லாததால் வந்த பாடம் பிரேசிலில் இருக்கிறது. ரியோ டி ஜெனீரோவின் டூபியகாங்கா என்ற பகுதியில் முதலில் விட்ட கொசுக்களுக்கு ஊர்க் கொசுக்களின் மருந்து எதிர்ப்பு இல்லை. விடும்வரை விகிதம் ஏறியது, நிறுத்தியதும் சரிந்தது. அங்கே வீடுகளில் மக்கள் அடித்த கொசு மருந்தே அதற்குப் போதுமானதாக இருந்தது. எதிர்ப்புத் திறனைச் சேர்த்து வளர்த்த கொசுவை மறுபடி விட்ட பிறகுதான் நிலைத்தது.

அதைச் சேர்ப்பது எப்படி என்பதும் எளிது. பாக்டீரியா தாய் வழி போவதால், வளர்ப்பகத்துப் பெண்களை அந்த ஊரில் பிடித்த ஆண்களோடு சேர்க்க வேண்டும். பிறக்கும் பெண்களை மறுபடி ஊர் ஆண்களோடு. ஆறு தலைமுறையில் மரபணுவில் 98 சதவீதம் ஊர்க் கொசுவுடையதாகிவிடும், பாக்டீரியா மட்டும் அப்படியே நிற்கும். பிறகு மருந்துச் சோதனை செய்யாமல் விடக் கூடாது. மருந்து படாமல் வளரும் கூட்டத்தில் எதிர்ப்பு மெல்லக் கரையும் என்பதால், அவ்வப்போது புதிய ஊர் ஆண்களைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சோதனைக் கூடங்களுக்கும் ஒரு வார்த்தை. பொறியில் விழுந்த கொசுக்களைப் பத்துப் பத்தாக அரைத்து பிசிஆர் செய்து "பாசிட்டிவ்" என்று எழுதினால் எனக்குப் பயன் இல்லை. பத்தில் ஒன்றா, பத்துமா? ஒவ்வொரு கொசுவையும் தனியாகச் செய்யுங்கள். அதற்கு முன் இனத்தைப் பாருங்கள். ஏடிஸ் எஜிப்தியின் மார்பு முதுகில் யாழ் வடிவில் வளைந்த வெள்ளைக் கோடுகள். ஏடிஸ் அல்போபிக்டஸுக்கு நடுவே ஒற்றை வெள்ளைக் கோடு. பின்னதிலும், சாக்கடைக் கொசு க்யூலெக்ஸிலும் வோல்பாக்கியா இயற்கையாகவே உண்டு. அதை எஜிப்தி என்று எண்ணிவிட்டால் இல்லாத வெற்றி காகிதத்தில் வரும். செதில் உதிர்ந்து கோடு தெரியாத கொசுவை ஊகித்து எழுத வேண்டாம். இனம் காட்டும் பிசிஆர் இருக்கிறது. விட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்கும் அளவையும் நம்ப வேண்டாம், நேற்று விட்ட கொசுவே இன்று பொறியில் விழும். நிறுத்திய பிறகு பல மாதம் தொடர்ந்து எடுத்து, அப்போதும் உயர்ந்தே நின்றால்தான் நிலைத்தது என்று பொருள்.

இந்த பாக்டீரியா நம்மைத் தாக்குமோ என்ற பயத்துக்கும் இதே க்யூலெக்ஸ்தான் பதில். வோல்பாக்கியா உள்ள கொசு நம்மைத் தலைமுறை தலைமுறையாகக் கடித்துக்கொண்டிருக்கிறது. அந்த பாக்டீரியா மனித உடலில் வாழாது. இந்தக் கொசுக்களில் மரபணு எதையும் வெட்டி ஒட்டவும் இல்லை.

வோல்பாக்கியா கொசு பொரித்து வெளிவரும் முட்டை வாளியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு: அதை வெயிலுக்கு நகர்த்தாதீர்கள். அதிகம் பயன்படும் டபிள்யூமெல் என்ற வோல்பாக்கியா வகை வெப்பம் தாங்காது. பகலில் 37 டிகிரியைத் தொடும் தண்ணீரில் வளரும் புழுவுக்குள்ளேயே பாக்டீரியா வெகுவாகக் குறைந்துவிடும். கொசு வரும், பாக்டீரியா வராது. நிழலில், எறும்பு ஏறாத இடத்தில், மழைநீர் நிரம்பி வழியாமல் வையுங்கள். புழு நெளிகிறதே என்று கொட்ட வேண்டாம், எண்ணெயோ சோப்போ ஊற்றவும் வேண்டாம்.

மற்ற பாத்திரம், டயர், தொட்டி எல்லாவற்றையும் வழக்கம்போலக் கவிழ்த்துக் காலி செய்யுங்கள். அது இரண்டு வகைக் கொசுவையும் ஒரே அளவில் குறைப்பதால் விகிதம் கெடாது. விடத் தொடங்கும் முன்பே செய்தால் இன்னும் நல்லது, ஊர்க் கொசு குறைவாக இருக்கும்போது கோட்டைத் தாண்டக் குறைந்த கொசுவே போதும். பகலில் கடிக்கும் கொசுவிடமிருந்து காத்துக்கொள்ளும் பழக்கத்தையும் விடாதீர்கள். இந்த பாக்டீரியா வைரஸை ஒடுக்குகிறது, அடியோடு அழிப்பதில்லை.

டெங்கு உண்மையிலேயே பரவி, புகை அடித்தே ஆக வேண்டும் என்ற நிலை வரலாம். அப்போது உயிர்தான் முதலில், அடியுங்கள். ஆனால் வண்டி கிளம்பும் முன் கொசு விடும் குழுவுக்கு ஒரு போன் போடுங்கள். எந்தத் தெரு, எந்தத் தேதி, எந்த மருந்து என்ற மூன்றும் தெரிந்தால், அந்த வாரம் விட வேண்டிய கொசுவை நிறுத்திவைத்து, புகை அடங்கிய பிறகு கூடுதல் சுற்றுகள் விட்டு விகிதத்தை மீட்க முடியும். சொல்லாமல் அடித்தால், எல்லைக்கோட்டுக்குக் கீழே போனதே பல வாரம் கழித்து பிசிஆர் முடிவு வரும்போதுதான் எங்களுக்குத் தெரியும்.