எமோஜி: 'எமோஷன்'ல இருந்து வந்த சொல் இல்ல

எமோஜினு கேட்டதும் எமோஷன்ல இருந்து வந்திருக்கும்னு தான் தோணும், ஆனா அது ஜப்பானிய சொல், 'எ'னா படம், 'மொஜி'னா எழுத்து. எமோஷன்ல இருந்து பொறந்தது எமோட்டிகான். 1982ல அமெரிக்க கம்ப்யூட்டர் விஞ்ஞானி ஸ்காட் ஃபால்மன், ஆன்லைன் மெசேஜ் போர்டுல ஜோக்கை நிஜம்னு எடுத்து சண்டை வருதேனு, ஜோக்குக்கு பக்கத்துல `:-)` போடுங்கன்னு சொன்னார், அதான் அது. 1999ல ஷிகெதாகா குரிதா, ஜப்பான் போன் கம்பெனி டோகோமோவுக்காக செஞ்ச 176 குட்டிப் படங்கள் எமோஜி வகை.

தமிழ்ல ரெண்டுக்குமே உணர்ச்சிக்குறினு எழுதுறாங்க. எமோட்டிகானுக்கு அது கச்சிதம். எமோஜிக்கு 'படவெழுத்து' தான் சரினு நான் சொல்வேன், ஏன்னா அது உண்மையிலேயே ஒரு எழுத்து, மெசேஜை வாங்குறவங்க ஸ்க்ரீன்ல என்ன தெரியுதோ, அவங்க அதை எப்படிப் படிக்கிறாங்களோ அதான் அர்த்தம்.

திருப்பூர்ல ஏற்றுமதி வேலையில இருக்கேன். வெளிநாட்டு பையர் ஒருத்தங்களுக்கு "ஷிப்மென்ட் சின்னதா லேட் ஆகும் `:)`"னு மெயில் போட்டேன். அவங்க கேட்டது, "கடைசில இருக்குற `J` யாரு?" பழைய அவுட்லுக் `:)`ஐ விங்டிங்ஸ் ஃபான்ட்ல சிரிச்ச முகமா மாத்திடும், அந்த ஃபான்ட்ல சிரிப்போட இடம் `J`, அந்தப் பக்கம் ஃபான்ட் இல்லன்னா வெறும் `J` தான் நிக்கும். (மாறின உடனே `Ctrl+Z` அடிச்சா பழையபடி வந்துடும்.)

ஆனா சிரிப்பு சரியா போயிருந்தா இன்னும் மோசமாயிருக்கும், அவங்க கடையில சரக்கு இல்லாம நிக்கப் போறாங்க, நான் சிரிக்கிறேன், அதுவும் 'சின்னதா லேட்'னு, எத்தனை நாள்னே சொல்லாம. திருப்பி எழுதினேன்: "சாயத்துல ஷேடு மாறிடுச்சு, மறுபடி சாயம் போடுறோம், 14ம் தேதிக்குப் பதிலா 18ம் தேதி கப்பலேறும், மன்னிக்கணும்." இதுல படவெழுத்துக்கு இடமே இல்ல. லேட், பணம், குறை, இந்த மூணு விஷயத்துலயும் நான் இப்போ போடுறதில்ல, புது ஆளுக்கு முதல் மெயில்லயும் இல்ல.

அதே பையர் சாம்பிள் ஓகே ஆன அன்னிக்கு அவங்களே "கலர் சூப்பர் 😊"னு எழுதினாங்க, நானும் ஒரு 😊 போட்டு நன்றி சொன்னேன், அதுக்கப்புறம் ஃபேக்டரி பூனை சாம்பிள் மேல தூங்குன கதை வரைக்கும் மெயில்ல பேசிக்கிட்டோம். அவங்க ஆரம்பிச்சதால அது ஒட்டுச்சு.

👍 மட்டும் தனி. கனடாவோட சஸ்காட்செவன் மாகாணத்துல, ஆளிவிதை விக்கிற ஒப்பந்தத்தோட போட்டோ மெசேஜ்ல வந்ததுக்கு ஒரு விவசாயி 👍 போட்டார். பாத்துட்டேன்னு சொல்லத்தான் போட்டேன்னு அவர் சொன்னார், 2023ல கோர்ட் அது கையெழுத்துக்குச் சமம்னு சொல்லி, சரக்கு கொடுக்காததுக்கு சுமார் 82,000 கனடா டாலர் கட்டச் சொல்லிடுச்சு. அதனால ஆர்டர் மெயில் வந்தா நான் 👍 போடாம, "கிடைச்சுது, ரேட்டும் தேதியும் பாத்துட்டு நாளைக்கு உறுதி சொல்றேன்"னு முழுசா டைப் பண்றேன்.