மாமாவுக்குப் போகும் மெசேஜில் இந்த நட்சத்திரங்கள் எதற்கு?

கிருஷ்ணகிரியில் டிடிபி கடை நடத்துகிறேன். மெயிலிலும் வாட்ஸப்பிலும் ஒட்டிய தமிழ் எழுத்துக்கு நடுவே `**`, `##` முளைத்து நிற்பதைக் காட்டி, "இது என்னண்ணா, வைரஸா?" என்று கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். வைரஸ் இல்லை. மார்க்டவுன் என்று 2004-இல் வந்த எழுத்துமுறை அது. அதைப் படிக்கத் தெரிந்த செயலி `##` வந்தால் தலைப்பாகவும், `**` வந்தால் தடித்த எழுத்தாகவும் மாற்றிக்காட்டும். தெரியாத இடத்தில் குறி அப்படியே நிற்கும்.

ஓசூரில் மனை பார்த்த ஒரு தம்பி, பெங்களூர் மாமாவுக்கு அனுப்ப வைத்திருந்தது இது:

```
## மனை விவரம்
**அளவு:** 30*40
**பத்திரம்:** தயார்
```

"ஃபார்மேட்டை எடுத்துட்டு ஒட்டினாலும் போகலை" என்றார். போகாது. Ctrl+Shift+V நிறம், எழுத்தளவு போன்றவற்றைத்தான் கழற்றும். இந்தக் குறிகளோ தட்டச்சு செய்த எழுத்துகள். எழுத்தை அழிப்பதுபோலத்தான் அழிக்க வேண்டும்.

நோட்பேடில் ஒட்டி Ctrl+H அழுத்துங்கள். தேடும் கட்டத்தில் `**` போட்டு, மாற்றும் கட்டத்தைக் காலியாக விட்டு, எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். அவசரத்தில் ஒற்றை `*` போட்டுவிட்டால் 30*40 என்ற மனை 3040 ஆகிவிடும். மாமா அதைப் பார்த்து என்ன நினைப்பாரோ! தலைப்புக் குறியில் நீளமானதை முதலில் எடுங்கள்: `###`, பிறகு `##`. ஒற்றை `#`-ஐ மட்டும் கண்ணால் பார்த்துக் கையால் அழிப்பதே நல்லது, கதவு எண்ணிலும் அது இருக்கலாம். போனில் என்றால் கூகுள் டாக்ஸ் செயலியிலும் தேடி மாற்றும் வசதி உண்டு.

வாட்ஸப்பில் தடித்த எழுத்து வேண்டுமென்றால் சொல்லின் இருபுறமும் ஒரே ஒரு நட்சத்திரம், இடைவெளி விடாமல்: `*அளவு*`. இரண்டு போட்டால் சரிவராது. தலைப்புக்கு அங்கே குறியே கிடையாது.

குறி போனதும் வேலை முடிந்ததாக நான் நினைப்பதில்லை. "மனை விவரம்", "அளவு:" என்று மிச்சம் நிற்பது ஏல நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. சொந்த மாமாவுக்கு யார் தலைப்புப் போட்டு எழுதுகிறார்கள்? அந்தத் தம்பி கடைசியில் அனுப்பியது இது:

```
மாமா, ஓசூர்ல ஒரு மனை பார்த்திருக்கேன்.
30க்கு 40 அடி. பத்திரம் தயாரா இருக்காம்.
நீங்க ஒரு தடவை வந்து பாருங்க.
```

நீளமான மெசேஜ் என்றால் முதலில் வாட்ஸப்பில் உங்கள் எண்ணுக்கே அனுப்பிப் பாருங்கள். தட்டும் கட்டத்தில் கண்ணில் படாத குறி, அனுப்பிய பிறகு பளிச்சென்று தெரியும்.