ஆர்க்கியா: 'தொல் பாக்டீரியா' அல்ல

சாக்கடல் உப்பிலும் கொதிக்கும் ஊற்றிலும் வாழும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் 'தொல் பாக்டீரியா' என்ற சொல் வந்து நிற்கிறது. இன்னும் சிலர் 'தொல்லுயிரி' என்று எழுதுகிறார்கள். இரண்டும் தவறு என்பது என் உறுதியான கருத்து. முதலாவது அறிவியலையே புரட்டிவிடுகிறது. இரண்டாவது வேறொரு துறையின் சொல்லைப் பறித்துக்கொள்கிறது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழமையானது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது ஆர்க்கியா. கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977இல், செல்லில் புரதம் கட்டும் ரைபோசோமின் ஆர்என்ஏ வரிசைகளை ஒப்பிட்டபோது, மீத்தேன் உண்டாக்கும் சில நுண்ணுயிர்கள் பாக்டீரியாக்களோடு சேராமல் தனியே நின்றன. பூமியின் ஆதி வளிமண்டலத்துக்கு அவற்றின் வாழ்க்கைமுறை பொருந்தும் என்று கருதி 'ஆர்க்கிபாக்டீரியா' என்று பெயரிட்டார்கள். 1990இல் வோஸ், ஓட்டோ காண்ட்லர், மார்க் வீலிஸ் மூவரும் அந்தப் பெயரிலிருந்து 'பாக்டீரியா'வை வெட்டி எறிந்து 'ஆர்க்கியா' என்று மட்டும் வைத்தார்கள். இவை பாக்டீரியாவில் ஒரு வகை என்ற எண்ணம் வரக்கூடாது என்பதற்காகவே வெட்டினார்கள். பெயரிட்டவரே கழற்றிப்போட்டதை நம் மொழிபெயர்ப்பாளர்கள் இன்னும் சுமந்து திரிகிறார்கள்.

'தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதானே, உட்கரு இரண்டிலும் இல்லையே' என்பார்கள். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வைப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. பாக்டீரியாவின் சவ்வில் கொழுப்பு அமிலச் சங்கிலிகள் கிளிசராலுடன் எஸ்டர் பிணைப்பால் இணைந்திருக்கின்றன. நம் உடல் செல்களிலும் அப்படித்தான். ஆர்க்கியாவில் கொழுப்பு அமிலத்துக்குப் பதிலாக ஐசோபிரீன் அலகுகளால் ஆன கிளைச் சங்கிலிகள் இருக்கின்றன. அவை ஈதர் பிணைப்பால் இணைகின்றன. சூடான அமிலத்தில் எஸ்டர் எளிதில் அறுந்துபோகும், ஈதர் தாங்கும். இன்னும் ஆழமான வேறுபாடு கிளிசராலிலேயே இருக்கிறது. பாக்டீரியா கிளிசரால்-3-பாஸ்பேட்டை வைத்துச் சவ்வைக் கட்டுகிறது. ஆர்க்கியா கிளிசரால்-1-பாஸ்பேட்டை வைத்துக் கட்டுகிறது. இவை வலக்கையும் இடக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள். இவற்றை உண்டாக்கும் நொதிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. ஈதர் பிணைப்பு சில வெப்ப விரும்பி பாக்டீரியாக்களிலும் காணப்படுவதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கிளிசராலின் கைப்பக்கத்தைப் பார்ப்பதே பாதுகாப்பு.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக்கின் குழு கண்டெடுத்த இரண்டு உயிர்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். 1969இல் அறிவிக்கப்பட்ட தெர்மஸ் அக்வாட்டிகஸ் ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸில் நன்றாக வளர்கிறது. 1972இல் அறிவிக்கப்பட்ட சல்ஃபோலோபஸ் அசிடோகால்டேரியஸ் 75 முதல் 80 டிகிரியில், அமிலம் நிறைந்த, பிஎச் 2 முதல் 3 வரையுள்ள நீரில் வாழ்கிறது. வெப்பத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் பங்காளிகள். ஆனால் தெர்மஸ் ஒரு பாக்டீரியா. அதன் சவ்வு வழக்கமான எஸ்டர் ஈரடுக்கு, கொழுப்பு அமிலங்களில் மட்டும் வெப்பத்துக்கேற்ற கிளைகள். சல்ஃபோலோபஸ் ஆர்க்கியா, அதன் சவ்வில் 40 கார்பன் நீளமுள்ள சங்கிலிகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓடி, இரு முனையிலும் கிளிசராலில் முடிகின்றன. அங்கே இரண்டு அடுக்கே இல்லை, ஒரே அடுக்குதான். பிரிந்து போக அடுக்கு இல்லாததால் வெப்பம் அதைப் பிளக்க முடியாது. புரோட்டான்களும் எளிதில் கசிவதில்லை. வெளியே கடும் அமிலம் சூழ்ந்திருக்க, செல்லுக்குள் நடுநிலைக்கு அருகில் இருப்பது இதனால்தான். சூடு ஏறும்போது சங்கிலிகளில் ஐங்கோண வளையங்களைக் கூட்டி அது சவ்வை இன்னும் இறுக்கிக்கொள்கிறது.

எல்லா ஆர்க்கியாவிலும் ஓரடுக்குச் சவ்வு இல்லை. உப்பில் வாழ்பவற்றுக்கு 20 கார்பன் சங்கிலிகளாலான ஈரடுக்கே இருக்கிறது. ஆனால் அங்கும் ஈதர்தான், கிளிசரால்-1-பாஸ்பேட்தான். மனிதக் குடலில் சாதாரண உடல் வெப்பத்தில் மீத்தேன் உண்டாக்கும் மெத்தனோபிரெவிபாக்டர் ஸ்மித்தியிலும் அதேதான். ஆகவே 'உச்சச்சூழல் உயிரி' என்று ஆர்க்கியாவுக்குப் பெயர் சூட்டுவதும் பொருந்தாது. வாழிடம் ஒன்று, வம்சம் வேறு.

ரைபோசோமுக்கு வந்தால் குழப்பம் இன்னும் பெரிது. மையவிலக்கியில் படியும் வேகத்தின்படி இரண்டு குலத்தின் ரைபோசோமும் 70எஸ்தான், துணையலகுகள் 30எஸ்ஸும் 50எஸ்ஸும்தான். இதைப் பிடித்துக்கொண்டு 'ஒரே ரைபோசோம்' என்று எழுதிவிடுகிறார்கள். 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பற்றிய கட்டுரைகளில் இந்தப் பிழையைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அந்தப் பரிசைப் பகிர்ந்த மூவரில் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 30எஸ் துணையலகின் அமைப்பைக் கண்டது தெர்மஸ் தெர்மோபிலஸ் என்ற பாக்டீரியாவில். தாமஸ் ஸ்டைட்ஸின் குழு 2000இல் 50எஸ் துணையலகின் அமைப்பை வெளியிட்டது ஹாலோஆர்குலா மாரிஸ்மார்ட்டுயி என்ற, சாக்கடலிலிருந்து வந்த ஆர்க்கியாவில். அதா யோனத் முன்பே அந்த உயிரின் 50எஸ் துணையலகைப் படிகமாக்கியிருந்தார். இரண்டையும் சேர்த்து 'பாக்டீரியாவின் ரைபோசோம்' என்று எழுதினால் பாதிக் கதை பொய்.

அந்தப் பொய் எங்கே குத்தும் என்பதற்கு எரித்ரோமைசின் சான்று. புரதம் வெளியேறும் குழாயின் வாயருகே ஒட்டிக்கொண்டு பாக்டீரியாவின் வேலையை நிறுத்தும் மருந்து அது. 50எஸ் துணையலகில் உள்ள 23எஸ் ஆர்என்ஏவில் 2058 என்று எண்ணிடப்பட்ட இடத்தில் பாக்டீரியாவுக்கு அடினின் இருப்பதால் மருந்து அங்கே நன்றாகப் பொருந்துகிறது. ஹாலோஆர்குலாவில் அந்த இடத்தில் இருப்பது குவானின். அதில் கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு அமினோ தொகுதி மருந்துக்கு இடம் விடுவதில்லை. ஸ்டைட்ஸின் குழு 2005இல் அந்த ஒரே எழுத்தை அடினினாக மாற்றியதும், ஆர்க்கியாவின் ரைபோசோமை எரித்ரோமைசின் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு வலுவாகப் பற்றியது. நம் செல்லின் ரைபோசோமிலும் அங்கே குவானின்தான். இந்த ஓர் எழுத்தில் ஆர்க்கியா நம் பக்கம் நிற்கிறது. டிப்தீரியா நச்சு தாக்கும் புரதமும் அப்படியே: நம்மிலும் ஆர்க்கியாவிலும் அது தாக்கப்படுகிறது, பாக்டீரியாவில் இல்லை. இத்தனைக்குப் பிறகும் 'தொல் பாக்டீரியா' என்றால் படிப்பவர் மருந்தும் வேலை செய்யும் என்றுதானே நினைப்பார்?

அப்படியானால் 'தொல்லுயிரி' என்று வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். தொல்லுயிரியல் என்பது புதைபடிவங்களை ஆராயும் துறைக்கு நிலைத்துவிட்ட பெயர். தொல்லுயிரி என்றால் டைனோசர்தான் நினைவுக்கு வரும். இன்று உயிரோடு உப்பளத்தில் வாழும் நுண்ணுயிர் அல்ல. மேலும் பாக்டீரியாவும் பழமையானதுதான். ஆர்க்கியாவுக்கு மட்டும் 'தொல்' பட்டம் கொடுத்தால், மற்றொன்று பின்னால் வந்தது என்றாகிவிடும். தமிழ்ச்சொல் வேண்டும் என்ற ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தவறான பொருள் தரும் தூய சொல்லைவிட, பொருள் கெடாத கடன்சொல் மேல். பாக்டீரியா என்பதை அப்படியே ஏற்றுக்கொண்ட தமிழ், அதற்கு இணையாக நிற்கும் ஆர்க்கியாவை ஏற்பதில் எந்தக் குறையும் இல்லை. ஓர் ஆர்க்கியா, பல ஆர்க்கியாக்கள் என்று இலக்கணமும் தடையின்றி ஓடுகிறது.

மொழிபெயர்ப்பவர்கள் தடுமாறும் இடம் இன்னொன்று உண்டு. ஹாலோபாக்டீரியம் சலினாரம், மெத்தனோபாக்டீரியம் போன்ற பெயர்களில் 'பாக்டீரியம்' இருக்கிறது. ஆனால் அவை ஆர்க்கியா. 1977க்கு முன்பே சூட்டப்பட்ட பெயர்கள் என்பதால், பெயரிடல் விதிப்படி மாறாமல் நிற்கின்றன. பேரினப் பெயரை அப்படியே எழுத வேண்டியதுதான். ஆனால் 'ஹாலோபாக்டீரியம் என்ற பாக்டீரியா' என்று பின்னால் ஒட்டாமல், 'ஹாலோபாக்டீரியம் என்ற ஆர்க்கியா' என்று எழுதுங்கள்.