ஓடிபி வரவில்லை, ஆனாலும் ஆள் உள்ளே இருக்கிறான்

"சார், எனக்கு ஓடிபியே வரலையே, அப்புறம் எப்படி உள்ள வந்திருப்பாங்க?"

இந்த மாதத்தில் இந்தக் கேள்வியை நான்காவது முறையாகக் கேட்கிறேன். கணக்கைப் பறிகொடுத்தவர்களுக்கு அதை மீட்டுக் கொடுப்பது என் வேலை என்பதால் பொறுமையாகப் பதில் சொல்லியாக வேண்டும். நான்காவது ஆளிடம் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அந்த வருத்தத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். ஐந்தாவது ஆள் வந்தால் முதலில் இதைப் படிக்கக் கொடுத்துவிடுவேன்.

நான் திருப்பி ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் மின்னஞ்சலை இன்று காலை திறந்தீர்களே, ஓடிபி கேட்டதா? நேற்று? போன வாரம்? கேட்டிருக்காது. என்றோ ஒரு நாள் பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்தீர்கள், அன்றிலிருந்து கதவு திறந்தபடியே இருக்கிறது. நீங்களே ஓடிபி இல்லாமல்தானே தினமும் உள்ளே போகிறீர்கள்? நீங்கள் போகும் அதே வழியில் அவனும் போகிறான்.

ஓடிபியைச் சரிபார்ப்பது லாகின் பக்கத்தில் மட்டும்தான். அது முடிந்ததும் தளம் உங்கள் பிரவுசரிடம் ஒரு சீட்டைக் கொடுத்துவிடுகிறது. அதைத்தான் செஷன் குக்கீ என்கிறோம். நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை தொடரும் அந்த ஒரு வருகைதான் செஷன். அதற்குப் பிறகு நீங்கள் எதைச் சொடுக்கினாலும் பிரவுசர் அந்தச் சீட்டைக் காட்டுகிறது, தளமும் உங்களை நீங்கள்தான் என்று நம்புகிறது. பார்க்க அது இப்படித்தான் இருக்கும்:

```
Set-Cookie: sid=9f3c7a1e5b; Max-Age=2592000; Secure; HttpOnly
```

இது நான் எழுதிய மாதிரி, உண்மையான குக்கீயில் எழுத்துகள் இன்னும் நீளமாக இருக்கும். அதில் இருக்கும் 2592000 என்பது விநாடிக் கணக்கு, அதாவது 30 நாள். இந்த ஒரு வரியை நகலெடுத்து வேறொரு கணினியில் இருக்கும் பிரவுசரில் வைத்தால், பெரும்பாலான தளங்களில் 30 நாளும் அந்தக் கணினிதான் நீங்கள். லாகின் பக்கமே திறக்காததால் பாஸ்வேர்டு கேட்காது, ஓடிபியும் போகாது. பல நேரங்களில் "புதிய சாதனத்தில் நுழைந்திருக்கிறீர்கள்" என்ற எச்சரிக்கைகூட வராது. ஓடிபி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, அதன் வேலை லாகின் பக்கத்தோடு முடிந்துவிட்டது.

கடைசியில் `HttpOnly` என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "அதுதான் பாதுகாப்பு இருக்கிறதே" என்று வெப்சைட் செய்யும் நண்பர்கள் சொல்வார்கள். பக்கத்துக்குள் ஓடும் ஸ்கிரிப்ட் குக்கீயைப் படிக்காமல் அது தடுக்கும். கணினியில் ஓடும் ஒரு நிரல், பிரவுசர் குக்கீகளைச் சேமித்து வைத்திருக்கும் கோப்பையே தூக்கிக்கொண்டு போனால் அதனால் என்ன செய்ய முடியும்? அந்தக் கோப்பைப் பிரவுசர் பூட்டித்தான் வைத்திருக்கிறது. 2024 ஜூலையில் வந்த குரோம் 127 பதிப்பு விண்டோஸில் அந்தப் பூட்டை இன்னும் இறுக்கியது. சில வாரங்களிலேயே திருட்டு நிரல்கள் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டன. ஆகவே அந்தப் பூட்டை நம்பி இருக்க வேண்டாம்.

சரி, நான்காவது ஆளின் கதைக்கு வருகிறேன். அவர் சில நிறுவனங்களுக்குச் சமூக வலைதளப் பக்கங்களை நடத்திக் கொடுப்பவர். புது வாடிக்கையாளர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நாலைந்து மின்னஞ்சல்கள் நல்லபடியாகப் போய் வந்தபின் ஒரு ஜிப் கோப்பு வந்திருக்கிறது, அதைத் திறக்க ஒரு பாஸ்வேர்டும் கூடவே வந்திருக்கிறது. "ரகசியத் திட்டம், அதனால்தான் பூட்டி அனுப்புகிறோம்" என்றார்களாம். பூட்டியதற்குக் காரணம் வேறு. பாஸ்வேர்டு போட்ட ஜிப்பின் உள்ளே மின்னஞ்சல் சேவையின் வைரஸ் சோதனையால் எட்டிப் பார்க்க முடியாது. உள்ளே பிடிஎஃப் சின்னம் போட்ட ஒரு கோப்பு, பெயர் `Brief.pdf.scr`. விண்டோஸ் வழக்கம்போலக் கடைசி மூன்று எழுத்துகளை மறைத்துவிட்டது. அந்த `.scr` ஓடக்கூடிய நிரல். அவர் இரண்டு முறை சொடுக்கியிருக்கிறார், எதுவும் திறக்கவில்லை. கோப்பு கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டார்.

சொடுக்கியும் ஒன்றும் திறக்காவிட்டால் தயவுசெய்து "கெட்டுப்போன கோப்பு" என்று முடிவு கட்டாதீர்கள். குக்கீகளையும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் வாரிக்கொண்டு போக இந்த வகை நிரல்களுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படாது. வேலை முடிந்ததும் தன்னையே அழித்துக்கொள்ளும் வகையும் உண்டு. மறுநாள் ஆண்டிவைரஸ் போட்டுப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை. சீட்டு ஏற்கனவே கைமாறிவிட்டது.

அன்று இரவே அவர் கணக்கிலிருந்து யாரோ விளம்பரம் ஓட்டத் தொடங்கினார்கள். காலையில் பார்த்ததும் அதே லேப்டாப்பில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினார். "மற்ற சாதனங்களிலிருந்து வெளியேறு" என்பதையும் மறக்காமல் அழுத்தினார். அடுத்த நொடி அவருடைய சொந்த ஃபோன் வெளியே வந்து விழுந்தது. திருடன் விழவில்லை. விளம்பரம் தொடர்ந்து ஓடியது. மூன்று முறை பாஸ்வேர்டு மாற்றிய பிறகு என்னிடம் வந்தார், அந்த ஓடிபி கேள்வியோடு.

அவரைக் குறை சொல்ல முடியாது, சொல்லிக் கொடுத்ததை எல்லாம் செய்திருக்கிறார். ஆனால் "மற்ற சாதனங்கள்" என்றால் தளத்தின் கணக்கில் "இந்த செஷனைத் தவிர மற்றவை" என்று பொருள். திருட்டுப் போனது அந்த லேப்டாப் பிரவுசரின் செஷன். அவரும் திருடனும் ஒரே சீட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்த லேப்டாப்பிலிருந்தே "மற்றவர்களை வெளியேற்று" என்றதும், தளம் அந்த ஒரு செஷனை மட்டும் விட்டுவைத்து, பாவம், ஃபோனைத் துரத்தியது. பாஸ்வேர்டு மாறியதும் சில தளங்கள் பழைய சீட்டைச் செல்லாமல் ஆக்கிப் புதிது தரும், சில தளங்கள் பழையதையே தொடரவிடும். எது எப்படி என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

இதே காரணத்தால்தான் சாதனப் பட்டியலைப் பார்த்துவிட்டு "தெரியாத சாதனம் எதுவும் இல்லை" என்று ஏமாந்துபோகிறோம். திருடிய குக்கீயோடு வருபவன் பட்டியலில் புது வரியாக வராமல் போகலாம். உங்கள் லேப்டாப்பின் வரிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். அந்த வரியில் கடைசியாக இயங்கிய நேரத்தைப் பாருங்கள். லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த 2.40 மணிக்கு அது இயங்கியதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சில நேரம் பிரவுசர் தானாகவே பின்னணியில் தளத்தோடு பேசியிருக்கலாம், ஆனால் மூடிவைத்து உறங்கும் லேப்டாப் பெரும்பாலும் பேசாது. ஊர் பெயரை மட்டும் நம்ப வேண்டாம், உங்கள் ஊரிலிருந்து வருவதுபோலக் காட்டும் சேவைகள் அவர்களுக்குக் காசுக்குக் கிடைக்கின்றன.

என்ன செய்யச் சொன்னேன் என்றால், முதலில் அந்த லேப்டாப்பை இணையத்திலிருந்து துண்டித்து ஓரமாக வைக்கச் சொன்னேன். அதில் நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் புதிதாக நுழைய நுழையப் புதுச் சீட்டும் திருட்டுப் போகும். அடுத்து, அந்தக் கோப்பு தொடாத ஒரு கருவி வேண்டும். அவர் ஃபோனை எடுத்தார். அதில் புதிதாக நுழைந்து, பாஸ்வேர்டை மாற்றி, அதன் பிறகு எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றினார். இப்போது "மற்ற சாதனங்கள்" என்ற கணக்கில் லேப்டாப் செஷனும் வந்துவிட்டது. அது செத்ததும், அதே சீட்டை வைத்திருந்த திருடனும் வெளியே போனான். வெளியேற்றிவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டால், சேமித்து வைத்த பாஸ்வேர்டும் அவனிடம் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். அதனால்தான் இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும்.

பெயர்தான் தளத்துக்குத் தளம் மாறுகிறது. கூகுளில் `Your devices` பகுதியில் ஒவ்வொரு சாதனமாக வெளியேற்ற வேண்டும். டெலிகிராமில் `Terminate all other sessions`. அதில் ஒரு சிக்கல் உண்டு: இப்போதுதான் புதிதாக நுழைந்த சாதனத்தால் சுமார் 24 மணி நேரத்துக்கு மற்றவற்றை வெளியேற்ற முடியாது, ஏற்கனவே நுழைந்திருக்கும் ஃபோனிலிருந்துதான் செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்டின் தனிநபர் கணக்கில் எல்லா இடத்திலிருந்தும் வெளியேற 24 மணி நேரம்வரை ஆகலாம். அழுத்தியும் உடனே நடக்கவில்லையே என்று பதறாதீர்கள், ஆனால் மறுநாள் கட்டாயம் பாருங்கள்.

"பிரவுசரில் குக்கீ எல்லாம் அழிச்சிட்டேன் சார்" என்பது இன்னொன்று. நீங்கள் கிழித்தது உங்கள் கையில் இருந்த பிரதியை. தளத்தின் ஏட்டில் அந்தச் சீட்டு இன்னும் செல்லும், திருடன் கையிலும் செல்லும். லாக் அவுட் பொத்தானை அழுத்தினால்தான் தளம் தன் ஏட்டிலிருந்து அதை அடிக்கும். பிரவுசரை மூடுவதும் லாக் அவுட் ஆகாது. இதை எத்தனை முறை சொல்வது!

வெளியேற்றிய கையோடு, அவன் உள்ளே இருந்தபோது என்ன நட்டு வைத்துவிட்டுப் போனான் என்று பாருங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையதுதானா? மின்னஞ்சல் வேறெங்காவது தானாகத் திருப்பி அனுப்பப்படுகிறதா? தெரியாத செயலிக்கு அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா? அந்த அனுமதி பல நேரங்களில் செஷனைக் கொன்ற பிறகும் உயிரோடு இருக்கும். இவர் விஷயத்தில் பக்கத்தின் நிர்வாகிகள் பட்டியலில் ஒரு புதுப் பெயர் இருந்தது. அதை நீக்காமல் விட்டிருந்தால் மற்ற எல்லாம் வீண்.

இதெல்லாம் விவரம் தெரியாதவர்களுக்கு மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். மென்பொருள் நிறுவனங்களே வாடிக்கையாளராக இருக்கும் சர்க்கிள்சிஐ என்ற நிறுவனத்தில், 2022 டிசம்பர் 16 அன்று ஒரு பொறியாளரின் லேப்டாப்பில் திருட்டு நிரல் புகுந்தது. ஆண்டிவைரஸ் அதைப் பிடிக்கவில்லை. அவர் இரட்டைச் சரிபார்ப்போடு முறையாக நுழைந்திருந்த செஷனைத் தூக்கிக்கொண்டு, வேறொரு இடத்திலிருந்து அவராகவே உள்ளே போனார்கள். 2023 ஜனவரியில் அந்த நிறுவனமே இதை வெளியிட்டு, வாடிக்கையாளர்களிடம் தங்களிடம் சேமித்த ரகசியச் சாவிகளை எல்லாம் மாற்றச் சொன்னது.

பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஃபோன் அல்லது கணினியின் பூட்டைத் திறந்தே நுழையவிடும் பாஸ்கீ வைத்தால் போதுமா என்று கேட்கிறார்கள். போலி லாகின் பக்கம் நடுவில் நின்று ஓடிபியையும் குக்கீயையும் ஒருசேரப் பிடிக்கும் திருட்டை அது நன்றாகவே தடுக்கும், அதனால் கட்டாயம் வையுங்கள். ஆனால் நுழைந்த பிறகு லேப்டாப்பிலிருந்து குக்கீயை எடுப்பவனை அதுவும் தடுக்காது. பணமும் பிறருடைய பக்கங்களும் இருக்கும் கணக்குகளில் வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்யுங்கள். முடிந்தால் அவற்றுக்கென்று தனிப் பிரவுசரோ, வந்த கோப்புகளைத் திறக்காத தனிக் கணினியோ வையுங்கள். கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளைக் காட்டும்படி விண்டோஸை இன்றைக்கே மாற்றுங்கள், இரண்டு சொடுக்கு வேலை.

அந்த லேப்டாப்பை அழித்துப் புதிதாக விண்டோஸ் நிறுவிக் கொடுத்தேன். மாலையில் அதில் நுழைந்தபோது ஃபோனுக்கு ஓடிபி வந்தது. "இப்ப வருது சார்!" என்றார், சந்தோஷமாக.

"லாகின் பக்கத்துல நிக்கிறீங்கல்ல, அதான்" என்றேன்.