சிங்க் ஏன் கொடகொடக்கிறது?

குன்னூர், ஊட்டி போன்ற இடங்களில் சரிவில் கட்டிய வீடுகளில், சமையலறை சிங்க்கின் கழிவுக் குழாய் சுவரைத் தாண்டியதும், தடுப்புச் சுவரை ஒட்டிச் செங்குத்தாக இறங்கி, கீழ்த்தட்டில் உள்ள சேம்பரைச் சென்று சேர்வது வழக்கம். சிங்க்கில் தேங்கிய நீர் முழுவதும் வடிந்து முடியும் தறுவாயில் எழும் கொடகொடச் சத்தத்திற்கு இந்த அமைப்பே பெரும்பாலும் காரணம்.

சிங்க்கின் அடியில் வளைந்திருக்கும் ட்ராப்பில் எப்போதும் சிறிது நீர் நிற்கும். சேம்பரின் நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுப்பது சுமார் 50 மில்லிமீட்டர் ஆழமுள்ள அந்த நீர்தான். சமதளத்தில் மெல்லிய சாய்வோடு செல்லும் குழாயில் நீர் அடிப்பகுதியில் ஓட, மேலே காற்றுக்கு வழி இருக்கும். செங்குத்தாக இறங்கும் 40 மில்லிமீட்டர் குழாயிலோ, நிறைந்த சிங்க்கை ஒரேயடியாகத் திறந்துவிட்டால், நீர் குழாயின் வாயை முழுவதும் அடைத்துக்கொண்டு, ஊசிக்குழாயின் தண்டைப் போலக் கீழே இறங்குகிறது. அது விட்டுச்செல்லும் இடத்தை நிரப்பக் காற்று வரவேண்டும். வர வழியில்லையென்றால் அங்கே அழுத்தம் குறையும்.

எவ்வளவு குறைந்தால் ட்ராப் தோற்கும்? 50 மில்லிமீட்டர் நீரின் எடைக்கு ஈடான 490 பாஸ்கல் போதும். ஊட்டியின் காற்றழுத்தத்தில் இது ஏறத்தாழ 150-இல் ஒரு பங்குதான். குழாயை அடைத்தபடி விழும் நீர்த்தண்டு அரை மீட்டர் நீளமே இருந்தாலும், அதைப் போலப் பல மடங்கு இழுவையை அதனால் உண்டாக்க முடியும். அப்போது சிங்க் பக்கத்துக் காற்று ட்ராப் நீரைத் தள்ளிவிட்டு, குமிழிகளாக உடைத்துக்கொண்டு உள்ளே பாய்கிறது. நாம் கேட்பது அந்தக் குமிழிகளின் ஒலியே. மலையில் காற்று மெலிந்திருப்பதால் இப்படி ஆகிறது என்று சொல்வது சரியன்று. உயரத்தால் வரும் குறைவு ட்ராப்பின் இரு பக்கத்துக்கும் சமம், இங்கே வேலை செய்வது இரு பக்கத்துக்கும் இடையிலான வேறுபாடு மட்டுமே.

சத்தத்தை விடப் பெரிய தொல்லை அதன் பின் வருவது. இழுவையில் ட்ராப் நீரும் கொஞ்சம் போய்விடுவதால், சிறிது நேரத்தில் நாற்றம் எழும். நீர் விரைவாக வடிந்து கடைசியில் மட்டும் சத்தம் வந்து, பிறகு நாற்றமும் அடித்தால், குறை காற்று வழியில் இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே நீர் தயங்கித் தயங்கி இறங்கினால், முதலில் அடைப்பைத்தான் தேட வேண்டும். மாடியில் வாளி நீரைக் கொட்டும்போது கீழ்வீட்டு சிங்க் கொடகொடத்தால், பொதுக் குழாயில் விழும் நீர் அந்த ட்ராப்பையும் இழுக்கிறது என்று பொருள்.

தீர்வு, ஏர் பைப். ட்ராப்பைத் தாண்டியவுடன், குழாய் கீழ்நோக்கித் திரும்புவதற்கு முன்பே அதை இணைத்து, கூரைக்கு மேல் திறந்துவிட வேண்டும். இறக்கத்தின் நடுவில் இணைத்தால், அதற்கு மேலுள்ள பகுதியில் நீர்த்தண்டு உருவாகி ட்ராப்பை இழுத்துவிடக்கூடும். கூரை வரை கொண்டுபோக இயலாத இடத்தில், காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வைப் பொருத்தலாம். ஆனால் சேம்பரிலிருந்து மேலேறும் அழுத்தத்தை அது வெளியேற்றாது. இரண்டும் இல்லாதவரை, நிறைந்த சிங்க் வடிந்தபின் ஒரு குவளை நீரை மெதுவாக ஊற்றினால், ட்ராப் மீண்டும் நிரம்பிவிடும்.