தண்டனை ஏறாத பிள்ளைகள்

"தங்கையைத் தள்ளிவிட்டு, அவள் அழுவதைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறான். அடித்தாலும் அசைவதில்லை. இவனுக்கு மனசே இல்லையா?" ஆறு வயது மகனைப் பற்றி ஒரு வாசகி கேட்டிருந்தார்.

ஒரு சம்பவத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் கடுமையான நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளில் சிலரிடம் குற்ற உணர்வும் இரக்கமும் மிகக் குறைவாக இருக்கும். குறைந்தது 12 மாதம், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இப்படி இருந்தால்தான் மனநல மருத்துவர்கள் இதைக் கணக்கில் எடுப்பார்கள்.

என்னை வியக்கவைப்பது இந்தப் பிள்ளைகளின் கண்கள். பயந்த முகத்தை இவர்களால் சரியாக அடையாளம் காண முடிவதில்லை. பயத்துக்கு எதிர்வினை காட்டும் மூளைப் பகுதியான அமிக்டலாவும் அத்தகைய முகங்களைப் பார்க்கும்போது மந்தமாகவே இயங்குகிறது. 2006இல் ஆஸ்திரேலிய உளவியலாளர் மார்க் டாட்ஸ் குழுவினர் இப்படிப்பட்ட சிறுவர்களிடம் "கண்களைப் பார்" என்று மட்டும் சொன்னார்கள். உடனே பயத்தைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள்! பயம் எழுதியிருப்பது விரிந்த கண்களில். இவர்களின் பார்வை தானாக அங்கே போவதில்லை. பின்னர் வந்த ஓர் ஆய்வில், இந்தச் சிறுவர்களின் அம்மாக்கள் மற்ற அம்மாக்களைப் போலவே பாசத்தோடு மகனின் கண்ணைப் பார்த்தார்கள். பார்வையைத் திருப்பித் தராதவர்கள் மகன்கள்தான். அதனால் அந்த வாசகி தன்னையே நொந்துகொள்ள வேண்டாம்.

அடுத்தவரின் வலி கண்ணில் படாத பிள்ளைக்குத் தண்டனையும் உறைப்பதில்லை. நடத்தைச் சிக்கல் உள்ள 4 முதல் 8 வயதுப் பையன்களின் பெற்றோருக்கு டாட்ஸும் டேவிட் ஹாஸும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பாராட்டும் பரிசும் இரக்கம் குறைந்த பையன்களிடமும் மற்றவர்களிடம் போலவே வேலை செய்தன. 'டைம்-அவுட்' என்று தனியே உட்காரவைத்தது மட்டும் அவ்வளவாகப் பலிக்கவில்லை. அவர்கள் அதற்குப் பெரிதாக வருத்தப்படவே இல்லை. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். இந்தப் பிள்ளைகளிடம் அடி உதவாது. பெற்றோரை இன்னும் ஓங்கி அடிக்கத்தான் தூண்டும்.

வாசகியின் மகனையே எடுத்துக்கொள்வோம். தங்கையோடு பத்து நிமிடம் கைநீட்டாமல் விளையாடினானா? அந்த நிமிடமே அருகில் போய், கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, "பொம்மையை அவளுக்கும் கொடுத்தாயே, நன்றாக இருந்தது" என்று சொல்லி, பரிசுப் புள்ளியாக ஒரு வில்லை கொடுக்க வேண்டும். ஐந்து வில்லை சேர்ந்தால் அன்றைய விளையாட்டை அவனே தேர்ந்தெடுக்கலாம். தள்ளிவிட்டால் கத்தல் வேண்டாம், நீண்ட உபதேசமும் வேண்டாம். சிறிது நேரம் பொம்மை போகும், அவ்வளவுதான். அப்புறம், எல்லோரும் அமைதியான பிறகு, "தங்கையின் கண்ணைப் பார், என்ன தெரிகிறது?" என்று கேட்கலாம். உளவியலாளர் ஈவா கிமோனிஸ் இத்தகைய பிள்ளைகளுக்காகத் திருத்தியமைத்த பெற்றோர்–குழந்தை சிகிச்சையும் இதே வழிதான்: பாசம், பரிசு, உணர்ச்சிகளை அடையாளம் காணும் பயிற்சி. பெற்றோர் பிள்ளையோடு விளையாடும்போதே பயிற்சியாளர் காதுக்கருவி வழியாகச் சொல்லிக்கொடுப்பார்.

பரிசு தாமதமானால் பலன் குறைந்துவிடும். "கண்ணைப் பார்" என்பதன் பலனும் தற்காலிகம்தான். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இவர்கள் மற்றப் பிள்ளைகளைவிடக் கடுமையான நிலையில் சிகிச்சைக்கு வருவதால், நன்றாக முன்னேறிய பிறகும் கொஞ்சம் சிக்கல் மிஞ்சலாம். அதைப் பார்த்து, பலிக்கவில்லை என்று சில பெற்றோர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். முதல் வாரத்திலிருந்தே எத்தனை முறை தள்ளினான் என்று எழுதிவைத்தால், குறைகிறதா என்பது தெரிந்துவிடும்.